தெற்குச் சுவரின் மூன்று தூம்புகள்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் மீனாம்பிகையைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல அவளுடைய அண்ணன் வீடு விழும்வரைக்கும் யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. புகையிலைத் தோட்டத்தில் ஆண்களோடு சமமாக நின்று கன்றுக்குப் பனையோலைப் பட்டை பிடித்துத் தண்ணீர் இறைப்பாள். ஊரில் செத்தவீடு என்றால் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வருவாள். வாய் கொஞ்சம் நீளம். அதை அவளுடைய புருஷன் மார்க்கண்டுவே சிரித்துக்கொண்டு சொல்லுவான். ஆனால் அவளுக்குள் ஒரு குணம் இருந்தது. தனக்கு ஒருவன் செய்ததை அவள் மறக்கமாட்டாள். மறக்காமலிருப்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசிதான் கடைசியில் அவளுடைய ஒரே பெண்ணைக் கொண்டுபோனது.

தகப்பன் விட்ட காணி இரண்டாகப் பிரிந்தபோது வடக்குப் பாதி அண்ணன் சீவரத்தினத்துக்கும் தெற்குப் பாதி மீனாம்பிகைக்கும் வந்தது. சீவரத்தினம் மலாயாவில் ரயில்வேயில் இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு முப்பத்துநாலாம் ஆண்டு ஊருக்குத் திரும்பினார். திரும்பின கையோடு கல்வீடு கட்டத் தொடங்கினார். ஓடு போடவில்லை. கோலாலம்பூரில் வெள்ளைக்காரர் வீடுகளைப் பார்த்த கண் அல்லவா. கூரையையே கொங்கிறீற்றில் தட்டையாக வார்த்து, சுற்றிவர இரண்டடி உயரத்துக்குக் கைபிடிச் சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்த மேற்கு முகப்பில் சுண்ணாம்புச் சாந்தால் இரண்டு மயில் வைக்கச் சொன்னார். அக்கம்பக்கத்தில் அப்படியொரு வீடு இல்லை. சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

கட்டியது குருநகர் சிமியோன் மேசன். தெற்குச் சுவரை அவன் எல்லைக்கல்லோடு ஒட்டியே தூக்கினான். ஒரு சாண்கூட விடவில்லை. சீவரத்தினம்தான் அப்படிச் சொன்னார். நிலத்தை வீணாக்க அவருக்கு மனமில்லை. கூரைத் தட்டு வார்த்து முடிந்ததும் சிமியோன் அதன்மேல் களிமண்ணால் வரம்பு பிடித்து, இரண்டு கிழமை தண்ணீர் நிறுத்திவைத்தான்.

"ஏன் உது?" என்று சீவரத்தினம் கேட்டார்.

"பச்சைக் கொங்கிறீற்று காய்ஞ்சால் உரம் பிடிக்காது ஐயா. தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் இறுகும்."

அது சீவரத்தினத்தின் மனதில் ஆழப் பதிந்துவிட்டது. பிறகு சிமியோன் வரம்பை வெட்டித் தண்ணீரை விட்டுவிட்டு, மேலே வடக்கிலிருந்து தெற்குக்கு வாட்டம் வைத்துச் சாந்து பூசினான். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு. ஒரு வாளி தண்ணீரை வடக்கு மூலையில் ஊற்றினால் அது பாம்பு போல ஓடித் தெற்குச் சுவரடிக்குப் போகும். அங்கே கைபிடிச் சுவரின் அடியில், தட்டோடு தட்டாக, தண்ணீர் வெளியேற மூன்று தூம்புகள் வைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீளத்துக்கு தண்ணீரை ஏந்தி விழுத்துகிற நாகத் தகட்டுப் பீலி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே என்றால் மீனாம்பிகையின் வளவுக்குள்.

முதல் மாரியிலேயே விஷயம் வெளித்தது. வீட்டுக்கூரை முழுவதிலும் விழுந்த மழை மூன்று தூம்பாலும் கொட்டி அவளுடைய சமையல் குசினிச் சுவரை அரித்தது. மண்சுவர். இரண்டாம் நாள் அது வயிறு தள்ளியது. நடுத் தூம்பின் தண்ணீர் புகையிலைக் கொட்டிலுக்குள் ஓடி, விலை ஏறட்டும் என்று வைத்திருந்த சிப்பங்களின் அடித்தட்டை நனைத்துவிட்டது. மார்க்கண்டு சிப்பத்தைப் பிரித்தபோது உள்ளே வெள்ளைப் பூஞ்சணம். ஒரு வருஷ வியர்வை நாறிப் போயிருந்தது.

மீனாம்பிகை வேலியடியில் போய் நின்று கத்தினாள்.

"அண்ணை! உங்கடை வீட்டுத் தண்ணி உங்கடை வளவுக்கை விழ வேணும். என்ரை தலையிலை ஏன் ஊத்திறியள்?"

சீவரத்தினம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே சொன்னார்:

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும் மீனாச்சி. உன்ரை வளவு பள்ளம். அதுக்கு நான் என்ன செய்யிறது?"

பணிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். "பள்ளம்" என்ற சொல் அவளைச் சுட்டது. மண்வீட்டையும் மலாயா போகாத புருஷனையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார் என்று அவளுக்குப் பட்டது. ஊர்த் தலைமைக்காரரான விதானையிடம் போனாள். விதானை வந்து பார்த்துவிட்டு, ஒருவனுடைய கூரைத் தண்ணீர் இன்னொருவன் காணியில் விழக்கூடாது, ஒன்றில் தண்ணீரைத் தன் பக்கம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வழக்குக்குப் போகவேண்டி வரும் என்று சீவரத்தினத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

சீவரத்தினம் சிமியோனைக் கூப்பிட்டார்.

"திருப்பலாம் ஐயா," என்றான் சிமியோன். "தெற்குச் சுவரடியாலை ஒரு வாய்க்கால் பிடிச்சு, மேற்கு மூலைக்கு வாட்டம் குடுப்பம். முகப்பிலை ஒரு தூம்பு வைச்சுக் குழாயாலை கீழை இறக்கினால் தண்ணி உங்கடை முத்தத்துக்கை விழும்."

"முகப்பிலையோ? மயிலுக்குப் பக்கத்திலை?"

"ஓம்."

"தெருவாலை போறவன் பாத்து என்ன சொல்லுவான்? வீடு மூத்திரம் பெய்யுது எண்டு சொல்லுவான். வேண்டாம். மூண்டையும் அடைச்சு விடு."

"அடைச்சால் தண்ணி எங்காலை போறது?"

"நிக்கட்டும். வெயிலுக்கு வத்தும். வீடும் குளிர்மையாய் இருக்கும். நீதானே சொன்னனி, தண்ணி குடிக்கக் குடிக்க உரம் எண்டு?"

"அது பச்சையிலை ஐயா. இறுகினாப் பிறகு வேறை கதை."

"அடை எண்டால் அடை. ஒரு சொட்டுத் தண்ணி அவளின்ரை வளவுக்கை விழக்கூடாது. கேட்டவளெல்லே, பாக்கட்டும்."

சிமியோன் அடைத்தான். செங்கல்லும் சீமெந்தும் வைத்து மூன்று வாயையும் மூடி, பீலிகளைக் கழற்றிக்கொண்டு போனான். மறுப்பு ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களோடு அவன் சண்டை போடுகிற வழக்கமில்லை. அடுத்த மழைக்கு மீனாம்பிகை தன் முற்றத்தில் நின்று தெற்குச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். வெறும் வெள்ளைச் சுவர். ஒரு துளிகூட வரவில்லை. தான் வென்றுவிட்டதாக அவளுக்குத் தெரிந்தது. அந்த மாரி முழுக்க அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

மூன்று வருஷம் இரண்டு வளவுக்கும் பேச்சில்லை. ஆனால் வேலிக்கு மேலால் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. சீவரத்தினத்தின் மகன் சண்முகநாதன் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராகச் சேர்ந்திருந்தான். மீனாம்பிகையின் மகள் குணலட்சுமிக்கு அவன் முறை மச்சான். சின்ன வயதில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். பெரியவர்கள் முகம் திருப்பிக்கொண்டு திரிந்த காலத்திலும் அவன் புத்தகம் கொடுக்கிற சாட்டில் வேலியடிக்கு வருவான். அவள் வாங்குகிற சாட்டில் நிற்பாள். கடைசியில் மார்க்கண்டுவே வாய் திறந்தான்.

"இதுகளைக் கட்டி வைச்சால் சண்டையும் போம். உனக்கும் ஒண்டு, உன்ரை அண்ணைக்கும் ஒண்டு. ஆருக்கு ஆர் விட்டுக் குடுக்கிறது?"

மீனாம்பிகை சம்மதித்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். சீவரத்தினத்தின் பெண்சாதி அருமைநாயகி வந்து வெற்றிலை மாற்றிக்கொண்டு போனாள். சீவரத்தினம் வரவில்லை. எங்களூரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். ஆனால் சீவரத்தினம், "என்ரை மகன் மண்வீட்டிலை படுக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டார். அதனால் குணலட்சுமி வேலி தாண்டி அந்தப் பக்கம் போனாள். அந்த வார்த்தையையும் மீனாம்பிகை எடுத்து வைத்துக்கொண்டாள்.

புதுச் சோடிக்குக் கொடுத்தது தெற்கு அறை. தட்டில் தண்ணீர் தேங்கி நிற்பது அந்த அறைக்கு மேலேதான், ஏனென்றால் வாட்டம் முழுவதும் அந்தப் பக்கம்தானே போகிறது.

கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் மாரியில் கூரையின் அடிப்பக்கத்தில் ஈரம் பூத்தது. இரண்டாம் மாரியில் அதன் நடுவில் நேர்கோடாக மண்ணிறக் கறை வரி வரியாகத் தெரிந்தது. உள்ளே கம்பி ஓடுகிற வழியெல்லாம் வெளியே கோடு விழுந்தது. குணலட்சுமி மாமனிடம் சொன்னாள். அவர் வெள்ளை அடிப்பித்தார். தை மாதத்தில் வெள்ளைக்கு மேலால் கறை மறுபடி வந்தது.

சீவரத்தினம் வீட்டில் இல்லாத ஒரு நாள் சண்முகநாதன் சிமியோனை அழைத்துவந்து தட்டில் ஏற்றினான். அப்போது மழை விட்டு இரண்டு கிழமை. ஆனாலும் தெற்குச் சுவரடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பாசி பிடித்து, நுளம்புக் குஞ்சு நெளிந்துகொண்டிருந்தது. சிமியோன் இறங்கி வந்து, பீடி பற்றவைத்துக்கொண்டு வேலியோரம் நின்றான். மறுபக்கத்தில் மீனாம்பிகை மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டு நின்றாள். அவன் சண்முகநாதனுக்குச் சொன்னதெல்லாம் அவளுக்கும் கேட்டது.

"வெயிலிலை மேற்பூச்சு மயிர் மாதிரி வெடிச்சிருக்கு தம்பி. அது எல்லா வீட்டிலையும் வெடிக்கும். மழை விழுந்து ஓடிப் போனால் பறுவாயில்லை. இங்கை ஓட வழியில்லையே. நிக்கிற தண்ணி வெடிப்பாலை கம்பிக்கு இறங்குது. கம்பி கறள் பிடிக்குது. கறள் பிடிச்ச கம்பி ஊதும். ஊதி, கீழ்ப்பக்கத்தை செதில் செதிலாய்ப் பிளந்து தள்ளும்."

"பாரமும் தானே?"

"அதைக் கேளும். ஓரடித் தண்ணி நிண்டால், இந்தத் தட்டுக்கு மேலை இன்னொரு தட்டை வார்த்து வைச்ச பாரம். நடுவிலை இப்பவே தொய்ஞ்சு போச்சு. தொய்ஞ்ச இடத்திலை கூடத் தண்ணி சேரும். சேர்ந்தால் இன்னும் தொய்யும்."

மீனாம்பிகை தவிட்டுக் கையோடு வேலியடிக்கு வந்தாள்.

"அப்ப விழுமோ சிமியோன்?"

"விழும் எண்டு நான் சொல்லேல்லை அம்மா. நிக்கும் எண்டும் சொல்லமாட்டன்."

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. வார்த்தபோது அவன் போட்டது கடல் மணல். கழுவாத மணல். அதிலிருந்த உப்பு கம்பியைத் தின்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

சண்முகநாதன் மாமியிடம் நேராகவே கேட்டான். நடுத் தூம்பை மட்டும் திறப்பேன்; கீழே உங்கள் வளவில் ஒரு சாண் அகலத்துக்குக் கல் வைத்து வாய்க்கால் கட்டி ஒழுங்கைக்குக் கொண்டுபோய் விடுவேன்; குசினியிலோ கொட்டிலிலோ ஒரு துளி படாது என்றான்.

"செய்யலாம்," என்றாள் மீனாம்பிகை. "உம்மடை கொப்பர் வந்து என்ரை படலையிலை நிண்டு கேக்கட்டும். தங்கச்சி, இடம் தா எண்டு ஒரு சொல்லு. பிறகு ஒரு சாண் என்ன, ஒரு முழம் தாறன்."

அவன் போய்த் தகப்பனிடம் சொன்னான். சீவரத்தினம் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இருவத்திரண்டு வருஷம் வெள்ளைக்காரனிட்டை வேலை செய்தனான். அவனிட்டைக்கூட நான் படலையிலை நிண்டு கேக்கேல்லை."

அருமைநாயகி அழுது பார்த்தாள். மார்க்கண்டு ஒரு நாள் சாப்பாட்டை எறிந்துவிட்டுப் போனான். அண்ணனும் தங்கச்சியும் அசையவில்லை. உண்மையைச் சொன்னால் மீனாம்பிகைக்கு அந்த ஒழுக்கு இனித்தது. மழை நாட்களில் வேலிக்கு அப்பால் தெற்கு அறையில் வாளி வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு அதில் ஒவ்வொரு சொட்டாக விழுவது கேட்கும். மயில் வைத்த வீடு ஒழுகுகிறது என்று ஊருக்குத் தெரியவந்ததில் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. உள்ளே படுத்திருப்பது தன் மகள் என்பதும் தெரியும்தான். ஆனால் அவள் நினைத்தது நனைந்த பாயையும் அண்ணனின் மானக்கேட்டையும்தான். அதற்கு அப்பால் நினைக்க அவள் இடம் கொடுக்கவில்லை.

குணலட்சுமிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பேரனைப் பார்க்க மீனாம்பிகை வேலி தாண்டிப் போகவில்லை. பிள்ளைதான் வேலிக்கு மேலால் கைமாறி வந்து போனது.

நாற்பதாம் ஆண்டு ஐப்பசியில் சண்முகநாதன் பொறுமை இழந்தான். தட்டில் ஏறி, உளியால் நடுத் தூம்பின் செங்கல்லை உடைத்துவிட்டான். தேங்கியிருந்த தண்ணீர் பச்சையாய், நாற்றமாய் மீனாம்பிகையின் முற்றத்தில் கொட்டியது. கொட்டிலில் கிடந்த பனங்கட்டை ஒன்றை எடுத்து, கத்தியால் ஒரு முனையைச் சீவி ஆப்பாக்கினாள். புகையிலை தூக்குகிற ஏணியைச் சுவரில் சாத்தி ஏறினாள். தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க ஆப்பைத் தூம்புக்குள் செருகி, உலக்கையால் இடித்து இறுக்கினாள். மேலிருந்து மருமகன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமி, உள்ளுக்கை படுக்கிறது உங்கடை மகள்."

"வெளியிலை நிக்கிறது நான்," என்றாள்.

அவன் அதன்பின் திறக்கவில்லை. மாமியாரோடு மல்லுக்கு நிற்க அவனால் முடியவில்லை. அவன் நல்ல பிள்ளை. அதனாலும்தான் காரியம் கெட்டது.

கார்த்திகையில் புயல் வந்தது. காங்கேசன்துறைப் பக்கத்தால் ஏறிய காற்று பனைகளின் தலையைத் திருகி எறிந்தது. மழை முதல் நாள் விடியத் தொடங்கி ஓயவேயில்லை. ஒழுங்கைகள் வெள்ளமாகின. யாழ்ப்பாணத்துக்குப் போன சண்முகநாதன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் பகல், தெற்கு அறையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது நின்று, நூலாக ஒழுகத் தொடங்கியது. அந்த நூல் மண்ணிறமாக இருந்தது. கூரையின் நடுவில் வயிறு போல ஒரு தொய்வு. குணலட்சுமி பிள்ளையை முன் அறையில் அருமைநாயகியின் மடியில் கொடுத்துவிட்டு, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளி ஏணியால் தட்டில் ஏறினாள்.

தெற்குச் சுவரடியில் அவளுக்கு முழங்காலுக்கு மேலே தண்ணீர். குனிந்து கையை விட்டு ஆப்பைத் தேடிப் பிடித்தாள். பனங்கட்டை ஒரு மாதம் நனைந்து ஊறி, தூம்போடு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. மேலே ஒட்டி நின்ற செங்கல் துண்டொன்றால் குத்திப் பார்த்தாள். அசையவில்லை. அது வெளியிலிருந்து அடித்த ஆப்பு, வெளியிலிருந்துதான் இழுக்கவேண்டும். கைபிடிச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! அம்மா, ஆப்பைக் கழட்டு! ஏணி வைச்சு அலவாங்காலை நெம்பு!"

மீனாம்பிகை குசினித் தாழ்வாரத்தில் ஓலைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். மார்க்கண்டு தோட்டத்தில் வரம்பு வெட்டப் போயிருந்தான்.

"என்னடி மேலை ஏறி நிக்கிறாய், காத்திலை? கீழை இறங்கு!"

"தட்டு தொய்யுதம்மா. தண்ணி முழங்காலுக்கு மேலை நிக்குது."

"உன்ரை மாமன் எங்கை?"

"விறாந்தையிலை."

"அவருக்குக் கால் இருக்குதெல்லே. வந்து கேக்கட்டும். இப்பவே கழட்டி விடுறன்."

"அம்மா, இது கதைக்கிற நேரமே?"

"ஒரு சொல்லுத்தானே பிள்ளை. போய்ச் சொல்லு."

குணலட்சுமி ஏணிப் பக்கம் திரும்பினாள். மழை அவளுடைய முகத்தால் வழிந்தது. பிறகு இறங்கிப் போனாள். விறாந்தையில் அவள் மாமனோடு பேசியது மீனாம்பிகைக்குக் கேட்கவில்லை. பிறகு அருமைநாயகி சொல்லித்தான் தெரியும். "மாமா, ஒருக்கால் வேலியடிக்கு வாங்கோ" என்று அவள் கேட்டாளாம். "மழை விடட்டும் பிள்ளை" என்றாராம் அவர். அவள் தொட்டிலையும் பிள்ளையின் உடுப்பையும் எடுத்து முன் அறைக்குக் கொண்டுவரத் தெற்கு அறைக்குள் போனாள்.

மீனாம்பிகை உண்மையில் ஏணியை எடுத்துவிட்டாள். இதை யாரும் நம்பவில்லை, ஆனால் எடுத்தாள். அண்ணன் வருவார், வந்ததும் உடனே கழற்றிவிடலாம் என்று ஏணியைத் தூக்கிச் சுவரில் சாத்தி, அலவாங்கையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை. முதலில் அவர் வரட்டும் என்று நின்றாள்.

வந்த சத்தம் இடி மாதிரி இல்லை. பெரிய மரத்தை முறித்தது போல ஒரு முறிவு. உடனே நிலம் அதிர்ந்தது. தெற்குச் சுவரின் நடுப்பகுதி வெளியே சரிந்தது. அதற்குள்ளால் தண்ணீர் ஒரே மூச்சில் அவளுடைய முற்றத்துக்குப் பாய்ந்து, அவளைக் கீழே தள்ளி, குசினிச் சுவரையும் இடித்துக்கொண்டு போனது. அவள் எழும்பினபோது ஏணி மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரோடு தொட்டிலும் வந்தது. அது வெறும் தொட்டில்.

சீவரத்தினம் படலையடியில் வந்து நின்றார். குடை இல்லை, சால்வை இல்லை.

"மீனாச்சி," என்றார். "தங்கச்சி, வா. கெதியாய் வா."

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அலவாங்கும் பனங்குற்றியும் வைத்து நெம்பினார்கள். தட்டு பல துண்டாக முறிந்து, நடுத்துண்டு கட்டில்மேல் மல்லாந்து கிடந்தது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒருவன் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பற்றினான். கம்பி அவனுடைய கையில் பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது. உள்ளே ஈர்க்களவு இரும்புதான் மிச்சம். பொழுது படுமுன் குணலட்சுமியை வெளியே எடுத்தார்கள். தலை நசுங்கவில்லை. இடுப்புக்குக் கீழேதான் அகப்பட்டிருந்தது. இடிபாட்டில் மறிபட்டு அறைக்குள் நின்ற தண்ணீர் வடிய நேரமெடுத்தது. முகம் அந்தத் தண்ணீருக்குள் கிடந்தது. அவள் விழுந்தவுடனே சாகவில்லை என்று பிரேதத்தைக் கழுவிய பெண்கள் தங்களுக்குள் கதைத்தது மீனாம்பிகையின் காதில் விழுந்தது. அவர்கள் குரலைத் தணிக்கவில்லை.

மரண விசாரணை நடந்தது. சிமியோன் வந்து, மணல் கழுவின மணல் என்று வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சொன்னான். சீவரத்தினம், தூம்புகள் பாசியில் அடைபட்டுப் போயிருக்கலாம் என்றார். பனங்கட்டை ஆப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை முதல் நாளே இடிபாட்டுக்குள் தேடி எடுத்து, அடுப்பில் வைத்து எரித்தவன் மார்க்கண்டு. தண்ணீரில் ஊறிய கட்டை. எரிய வெகுநேரம் எடுத்தது. பக்கத்தில் இருந்து ஊதிக்கொண்டே இருந்தான். அதன் பிறகு அவன் மனைவியோடு பேசவேயில்லை. அவள் போட்டதைச் சாப்பிட்டான், தோட்டத்துக்குப் போனான், நான்கு வருஷம் கழித்து நெஞ்சு வலி வந்து செத்துப்போனான். கடைசி நாளிலும் தண்ணீர் வேண்டும் என்று கையால்தான் காட்டினான்.

விசாரணையில் மழையின்மேல் பழி போட்டுக் காரியத்தை முடித்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய ஒருவன் சண்முகநாதன். விசாரணையில் அவனையும் கேட்டார்கள். அவன் தகப்பனைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா. நான் அண்டைக்கு ஊரிலை இல்லை," என்றான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவன் கொழும்புக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனான். இரண்டு வருஷத்தில் வேறு கலியாணம் கட்டினான். அருமைநாயகி பேரனைத் தூக்கிக்கொண்டு அளவெட்டியில் தன் சகோதரன் வீட்டுக்குப் போய்விட்டாள். சீவரத்தினம் மட்டும் அந்த வீட்டின் முன்பாதியில் இருந்தார். வீட்டின் தெற்குப் பக்கம் வானம் பார்த்துக் கிடந்தது. சாய்மனைக் கதிரையைத் தெருப் பக்கம் போட்டுக்கொண்டு, தங்கச்சி வளவுக்கு முதுகைக் காட்டியபடி இருந்து, அப்படியே ஒரு பங்குனியில் போய்ச் சேர்ந்தார். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்த அந்த ஆறு வருஷத்தில் அண்ணனும் தங்கச்சியும் என்ன பேசினார்கள் என்றால், ஒன்றும் பேசவில்லை.

மீனாம்பிகை அளவெட்டிக்கு மூன்று தரம் போனாள். முதல் இரண்டு தரமும் பொடியனைக் காட்டவில்லை. மூன்றாம் தரம் அருமைநாயகி உள்ளே கூப்பிட்டு இருத்தி, செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"மச்சாள், பிள்ளைக்குத் தாய் காய்ச்சலிலை செத்தவள் எண்டு சொல்லி வளக்கிறம். நீங்கள் ஆர் எண்டு சொன்னால் அவன் எல்லாத்தையும் கேப்பான். நான் என்னத்தைச் சொல்லுறது? தெரிஞ்ச ஆள் எண்டு வந்து பாத்திட்டுப் போறதெண்டால் வாங்கோ. நான் மறிக்கேல்லை."

மீனாம்பிகை இந்த முறை பேரம் பேசவில்லை. சம்மதித்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அளவெட்டிக் கோயில் திருவிழாவுக்குப் போய்விடுவாள். தேர்முட்டியடியில் அருமைநாயகி பொடியனோடு நிற்பாள். மீனாம்பிகை அவனுக்குக் கரும்போ, தோடம்பழமோ வாங்கிக் கொடுப்பாள். அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு நாள், தோடம்பழச் சுளையின் விதையைத் துப்பிவிட்டு, நல்ல மரியாதையாகக் கேட்டான்:

"ஆச்சி, உங்களுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

மேளச் சத்தம் பெரிதாக இருந்தது. அருமைநாயகி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்லை ராசா," என்றாள் மீனாம்பிகை.

அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சுளையைக் கடித்தான்.